பனிக்கும் புழுவுக்கும் முன்னால் பறித்த தக்காளிக்காயை வீட்டுக்குள் பழுக்க வைப்பது எப்படி?

"அண்ணா, நாங்க தளி பக்கம். வீட்டுக்குப் பின்னாடி முப்பது தக்காளிச் செடி வெச்சிருக்கோம். மார்கழிப் பனி ஆரம்பிச்சதுல இருந்து காயெல்லாம் பச்சையாவே நிக்குது. பக்கத்துத் தோட்டத்துல புழு விழுந்துடுச்சு, எங்க செடிக்கும் வந்துடும்னு பயமா இருக்கு. எல்லாத்தையும் பறிச்சு வீட்டுக்குள்ள பழுக்க வெச்சுக்கலாமா? வைக்கோல்ல வைக்கணுமா, காகிதத்துல சுத்தணுமா?"

பறிக்கலாம் தம்பி, ஆனால் எல்லாவற்றையும் பழுக்க வைக்க முடியாது. வைக்கோலா காகிதமா என்பது கடைசியில் வரும் கேள்வி. முதலில் எந்தக் காய் பழுக்கும், எது பழுக்காது என்று பிரிக்கத் தெரிய வேண்டும். அடுத்தது, வைக்கிற இடத்தின் சூடு. இந்த இரண்டும் சரியாக இருந்தால் வெறும் அட்டைப் பெட்டியிலேயே பழுத்துவிடும். இரண்டில் ஒன்று தப்பினாலும் எதில் சுற்றி வைத்தாலும் தோல் சுருங்கிப் பச்சையாகவே கிடக்கும்.

கிருஷ்ணகிரிக்காரருக்கு இதை மாங்காயை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். விளைந்த மாங்காயை வைக்கோலில் போட்டால் பழமாகும், விளையாததைப் போட்டால் வெம்பிப் போகும். தக்காளியும் அந்த இனம்தான். செடியிலிருந்து பறித்த பிறகும் பழுக்கக்கூடியது, ஆனால் பறிக்கும்போதே உள்ளே விளைந்திருக்க வேண்டும்.

விளைந்ததை அளவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். தக்காளி முழு அளவுக்குப் பருத்த பிறகும் உள்ளே விளையச் சில நாள் எடுத்துக்கொள்ளும். ஒரே குலையில் ஒரே அளவில் தொங்கும் இரண்டு காயில் ஒன்று விளைந்ததாகவும் மற்றது பிஞ்சாகவும் இருக்கலாம். நிறத்தைப் பாருங்கள். பிஞ்சு கரும்பச்சையாக, மங்கலாக இருக்கும். விளைந்த காய் வெளிறிப்போய், லேசாக வெண்மை கலந்த பச்சையாகி, தோலில் ஒரு மினுமினுப்பு வரும். காயைத் திருப்பி அடிப்பக்கம், அதாவது பூ உதிர்ந்த முனையைப் பாருங்கள். அந்தப் புள்ளியைச் சுற்றி நட்சத்திரம் போல வெளிறிய கோடுகள் தெரிந்தால் அது நன்றாக விளைந்த காய். காம்பைச் சுற்றி பழுப்பு நிறத்தில் தக்கை போல ஒரு வளையம் விழுந்திருப்பதும் நல்ல அடையாளம்.

இன்னும் சந்தேகமென்றால் ஒரு காயைப் பலி கொடுங்கள். கூரான கத்தியால் குறுக்காக வெட்டிப் பாருங்கள். விதையைச் சுற்றி வழுவழுப்பான கூழ் கட்டியிருந்து, கத்தி படும்போது விதை வெட்டுப்படாமல் நழுவி விலகினால் அந்தக் காய் விளைந்துவிட்டது. கூழ் இல்லாமல் உள்ளே கெட்டியாக இருந்து, கத்தி விதையையே இரண்டாக அறுத்துவிட்டால் அது பிஞ்சு. விதை நழுவுவதோடு கூழில் லேசாக மஞ்சளோ சிவப்போ தெரிகிறதென்றால் அந்தக் காய் ஓரிரு நாளில் நிறம் திரும்பப் போகிறது என்று அர்த்தம். அதே செடியில் அதே நிறத்தில் இருக்கும் மற்ற காய்களையும் அதே கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று செடியில் ஒவ்வொரு காய் வெட்டிப் பார்த்தால் கண் பழகிவிடும், அப்புறம் கத்தி தேவைப்படாது.

பூத்த நாளை நினைவு வைத்திருந்தால் அதுவும் உதவும். சாதாரண வெயிலில் பூ பிஞ்சாகி விளைந்த காயாக ஏறக்குறைய 35 முதல் 40 நாள் ஆகும். பனிக்காலத்தில் இன்னும் ஒரு வாரம், பத்து நாள் தள்ளிப்போகும். ரகத்தைப் பொறுத்தும் தோற்றம் மாறும். பி.கே.எம். 1 போன்ற ரகங்களில் காம்புப் பக்கத்துத் தோள் கடைசி வரை பச்சையாகவே இருக்கும், அதைப் பார்த்து விளையவில்லை என்று விட்டுவிடக் கூடாது. அந்த மாதிரி ரகத்தில் அடிப்பக்கத்தை மட்டும் பாருங்கள்.

உங்கள் செடியில் காய் ஏன் அப்படியே நிற்கிறது என்பதற்கு வருகிறேன். தக்காளி சிவப்பதற்கு லைகோபீன் என்ற நிறமி உண்டாக வேண்டும். 18 முதல் 25 டிகிரி வரையான சூட்டில் அது நன்றாக உண்டாகும். 15 டிகிரிக்குக் கீழே எல்லாம் மெதுவாகிவிடும், 10 டிகிரிக்குக் கீழே கிட்டத்தட்ட நின்றே போகும். தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் மார்கழி, தை மாத இரவுகளில் 12, 13 டிகிரிக்கு இறங்குவது சாதாரணம், சில விடியற்காலைகளில் அதற்கும் கீழே போகும். காலை பத்து மணி வரை பனிமூட்டம் விலகாவிட்டால் பகல் சூடும் செடிக்குக் கிடைப்பதில்லை. அதனால்தான் பழுக்காமல் நிற்கிறது. செடிக்கு நோய் என்று நினைத்து எதையாவது வாங்கி அடிக்க வேண்டாம்.

ஊட்டி மாதிரி உறைபனி விழுந்து ஒரே ராத்திரியில் செடி கருகும் ஊர் அல்ல நம்முடையது. ஆகவே பதறிப்போய் ஒரே நாளில் மொட்டையடிக்கத் தேவையில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒரு சேதம் இருக்கிறது. தக்காளி குளிர் தாங்காத காய். 10 டிகிரிக்குக் கீழே அது கிடக்கும் நேரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே போகும். வயலில் பட்ட குளிரும் அந்தக் கணக்கில் சேரும், பறித்த பிறகு வீட்டில் படுகிற குளிரும் சேரும். அந்தக் குளிர் அளவுக்கு மீறினால், பிறகு எவ்வளவு கதகதப்பான இடத்தில் வைத்தாலும் காய் ஒழுங்காகப் பழுக்காது. திட்டுத் திட்டாக நிறம் வரும், தோலில் சிறு பள்ளங்கள் விழும், காம்பு வடுவைச் சுற்றிக் கறுப்பாக அழுகும். இதே காரணத்தால் பச்சைக் காயைக் குளிர்பெட்டியில் வைக்கவே கூடாது. அங்கே 5 டிகிரி சுமாருக்கு இருக்கும். ஒரு வாரம் அங்கே கிடந்த விளைந்த காய் அதற்குப் பிறகு நல்ல பழமாகாது. ஏற்கெனவே வயலில் குளிர் பட்டு வந்த காய் என்றால் ஒரு வாரம்கூடத் தாங்காது.

அதனால் என் யோசனை இதுதான். விடியற்காலைக் குளிர் தொடர்ந்து நாலைந்து நாள் கடுமையாக இருந்தால், விளைந்த காயை எல்லாம் பறித்துவிடுங்கள். அதைச் செடியிலேயே விட்டு வைப்பதால் இனி பெரிதாக எந்த லாபமும் இல்லை. இலை நன்றாகப் பச்சையாக இருந்தால் பிஞ்சைச் செடியிலேயே விடுங்கள். பொங்கல் கழிந்து வெயில் ஏறும்போது அது விளையும். இலை கருகத் தொடங்கியிருந்தாலோ, புழு உங்கள் தோட்டத்துக்குள் வந்துவிட்டாலோ மட்டும் பிஞ்சையும் சேர்த்துப் பறிக்கலாம். ஆனால் அது சமையலுக்குத்தான், பெட்டிக்கு அல்ல.

புழு என்று சொன்னீர்கள், எந்தப் புழு என்று சொல்லவில்லை. நம் பக்கம் இரண்டு உண்டு, இரண்டுக்கும் கணக்கு வேறு. பெரியது காய்ப்புழு. காயில் வட்டமாகத் துளை போட்டு, தலையை உள்ளே விட்டு உடம்பை வெளியே வைத்துத் தின்னும். துளையருகே ஈரமான கழிவு இருக்கும். ஒரு காயோடு நிற்காமல் அடுத்தடுத்த காய்க்குப் போகும். இந்தத் துளை கண்ணில் படும் என்பதால் பிரிப்பது சுலபம். மற்றது ஊசிப்புழு, டூட்டா புழு என்றும் சொல்வார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, இந்தியாவில் 2014-இல் மகாராஷ்டிரத்தில் முதலில் கண்டறியப்பட்டது. இலைக்குள் புகுந்து தோலுக்கும் தோலுக்கும் நடுவே இருப்பதைத் தின்று, காய்ந்துபோன காகிதம் மாதிரி திட்டுகளை உண்டாக்கும். காயில் குண்டூசி குத்தியது போலச் சிறு துளைதான் தெரியும். பெரும்பாலும் காம்பின் பச்சை இதழுக்கு அடியில் அது ஒளிந்திருக்கும். அதனால் புழு பயம் இருக்கும்போது காம்பையும் அந்தப் பச்சை இதழையும் எடுத்துவிட்டுத்தான் காயை வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டும். இதழை எடுத்த இடத்தில் கறுப்புப் புள்ளியோ, மாவு மாதிரித் துகளோ இருந்தால் அந்தக் காய் பெட்டிக்குள் போகக் கூடாது. உள்ளே போனால் கதகதப்பில் புழு சுகமாக வளர்ந்து, பெட்டி மூலையில் கூடு கட்டி, அந்துப்பூச்சியாக வெளியே வந்து, மறுபடியும் உங்கள் தோட்டத்துக்கே போகும்.

செடியை வேரோடு பிடுங்கிக் கொட்டகையில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டால் காய் தானாகப் பழுக்கும் என்று ஒரு யோசனை சொல்வார்கள். குளிர் தேசங்களில் அது செல்லும். புழுவும் வெள்ளை ஈயும் இருக்கிற நம் தோட்டத்துச் செடியை அப்படியே வீட்டுக்குள் கொண்டுபோவது நல்ல யோசனையாக எனக்குப் படவில்லை.

மருந்து அடித்திருக்கிறீர்களா என்பதையும் நினைத்துப் பாருங்கள். பக்கத்துத் தோட்டத்தில் புழு என்றதும் முன்கூட்டியே நீங்களும் அடித்திருக்கலாம். மருந்துப் புட்டியில் அறுவடைக்கு முன் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கும். அந்த நாள் முடியும் வரை காய் பச்சையாக இருந்தாலும் பறித்துச் சாப்பிடக் கூடாது. பழுக்க வைக்கப் பத்து நாள் ஆகுமே, அதற்குள் போய்விடும் என்று கணக்குப் போடாதீர்கள். வெயிலும் காற்றும் படுகிற செடியில் மருந்து குறைவதும், இருட்டான பெட்டியில் குறைவதும் ஒன்றல்ல.

பனிமூட்டக் காலத்தில் புழுவைவிட அதிகம் ஏமாற்றுவது பின்பருவக் கருகல் நோய்தான். ஈரமும் குளிரும் சேர்ந்தால் அது வேகமாகப் பரவும். இலையில் தண்ணீரில் ஊறியது போன்ற கரும்பழுப்புத் திட்டு, காலையில் இலையின் அடியில் வெள்ளைப் பூசணம், தண்டில் கறுப்புக் கோடு, இவை இருந்தால் அந்த நோய்தான். காயில் தோள்பக்கம் எண்ணெய் தடவியது போலப் பழுப்புத் திட்டு வரும், தொட்டால் கெட்டியாக இருக்கும். தொல்லை என்னவென்றால், பறிக்கும் நாளில் சுத்தமாகத் தெரிந்த காயில் மூன்று நாலு நாள் கழித்துத் திட்டு வெளிப்படும். ஆகவே கருகல் வந்த செடியின் காயைப் பறித்ததும் பெட்டியில் போடாதீர்கள். தனியாக ஒரு சாக்கில் ஒன்றோடொன்று தொடாமல் பரப்பி நாலைந்து நாள் கவனியுங்கள். அதில் தப்பியதை மட்டும் மற்றவற்றோடு சேர்க்கலாம்.

பறிக்கிற வேலை எளியது. பனி ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகு, பதினொரு மணி வாக்கில் பறியுங்கள். ஈரக் காயைப் பெட்டியில் அடைத்தால் பூசணம் பிடிக்கும். அடி படாமல் கையால் திருகி எடுத்து, வாளியில் எறியாமல் வையுங்கள். கழுவ வேண்டாம். தக்காளியின் தோலில் மூச்சுத் துளையே இல்லை, அது காற்றை வாங்குவதும் விடுவதும் பெரும்பாலும் காம்பு இருந்த வடு வழியாகத்தான். வெயிலில் சூடான காயைக் கிணற்றுத் தண்ணீரில் முக்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, அந்த வடு வழியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீரோடு கிருமியும் உள்ளே போய், அப்புறம் வெளியே நன்றாக இருந்தும் நடுவில் அழுகும். மண் ஒட்டியிருந்தால் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

இனி வைக்கிற இடம். வெப்பமானி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் இரவில் மெல்லிய போர்வை போதும் என்று தோன்றுகிற அறை சரியான இடம். சமையலறையின் மேல் தட்டு நம் வீடுகளில் பெரும்பாலும் பொருத்தமாக அமையும், அடுப்புச் சூட்டில் அந்த மூலை இரண்டு மூன்று டிகிரி கூடவே இருக்கும். சிமென்ட் தரையில் வைக்காதீர்கள். மார்கழித் தரை ஐஸ் மாதிரிக் குளிரும். வேறு வழி இல்லையென்றால் பெட்டிக்கு அடியில் பலகையோ மடித்த சாக்கோ போடுங்கள். சன்னலோரத்தில் வெயில் படும்படி வரிசையாக அடுக்கி வைக்கிற பழக்கம் பல வீடுகளில் உண்டு. பழுப்பதற்கு வெளிச்சம் தேவையில்லை. வெயில் நேராகப் பட்டால் ஒரு பக்கம் சூடாகித் தோல் சுருங்கி மஞ்சளடிக்கும், இரவில் அதே சன்னலோரம்தான் வீட்டிலேயே குளிரான இடம்.

பழக்கடையில் கிடைக்கும் அட்டைப் பெட்டி ஒன்று போதும். அடியில் ஒரு தாள் போட்டு, காம்பு வடு கீழே பார்க்கும்படி காய்களை ஒரே வரிசையாக அடுக்குங்கள். தோள்பகுதிதான் காயில் கெட்டியான இடம், அது எடையைத் தாங்கும். இரண்டாவது வரிசை வேண்டுமென்றால் நடுவில் இன்னொரு தாள் வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். செய்தித்தாள் வேண்டாம், அச்சு மை காயில் ஒட்டும். உணவுப் பொருளைச் செய்தித்தாளில் சுற்ற வேண்டாம் என்று உணவுப் பாதுகாப்புத் துறையும் சொல்லியிருக்கிறது. பழுப்பு நிறக் காகிதம் வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது எழுதாத நோட்டுத் தாள்கூடப் போதும். வைக்கோல் தப்பில்லை. ஆனால் பனிக்காலத்து வைக்கோல் ஈரம் இழுத்திருக்கும். நன்றாக வெயிலில் காய்ந்தது என்றால் மட்டும் அடியில் கொஞ்சம் பரப்பலாம். பிளாஸ்டிக் பைக்குள் இறுக்கிக் கட்டி வைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். உள்ளே வேர்த்துத் தண்ணீர் கட்டும், காற்று இல்லாமல் காய் புளித்த வாடை அடிக்கும்.

பெட்டிக்குள் நன்றாகப் பழுத்து, தோலில் புள்ளி விழுந்த வாழைப்பழம் ஒன்று வையுங்கள். அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு தக்காளியின் பழுப்பைத் தொடங்கி வைக்கும். ஐந்தாறு கிலோவுக்கு ஒரு பழம் போதும். ஒரு காய் நிறம் திரும்பிவிட்டால் அதுவே எத்திலீன் விடத் தொடங்கும், அதனால் செங்காய் ஒன்றிரண்டு பெட்டியில் இருந்தால் வாழைப்பழம்கூடத் தேவையில்லை. மூடியை இறுக்கி ஒட்டாதீர்கள். காய் விடும் கரியமில வாயு உள்ளேயே தேங்கினால் எத்திலீனின் வேலையை அது தடுக்கும். தினமும் ஒரு தடவை மூடியைத் திறந்து கொஞ்ச நேரம் காற்றாட விட்டு, காயைப் பார்த்து, மூடுங்கள். வாழைப்பழம் கறுத்து ஒழுகத் தொடங்குவதற்குள் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் சின்னப் பழ ஈக்கள் மொய்க்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் முப்பது செடியிலிருந்து 15 கிலோ காய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பறித்த அன்றே தரையில் சாக்கு விரித்துப் பிரியுங்கள். லேசாக மஞ்சளோ இளஞ்சிவப்போ தட்டிய செங்காய் 2 கிலோ வரலாம். நட்சத்திரம் விழுந்து வெளிறிய விளைந்த காய் 6 கிலோ. பருத்திருந்தும் நிறம் இன்னும் கரும்பச்சையாக இருக்கும் சந்தேகக் காய் 3 கிலோ. பிஞ்சு 3 கிலோ. துளை, திட்டு, வெடிப்பு உள்ளது 1 கிலோ.

செங்காய்க்குப் பெட்டியே வேண்டாம். கூடையில் சமையலறையில் வைத்தால் 20 டிகிரி சுமாரில் ஒரு வாரத்தில் நல்ல சிவப்பாகிவிடும். செங்காயாகப் பறித்ததன் ருசி செடியில் பழுத்ததற்கு மிகப் பக்கத்தில் இருக்கும், இதில் கவலையே வேண்டாம். விளைந்த 6 கிலோவை ஒரே நாளில் பழுக்க வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்? பாதியை வாழைப்பழத்தோடு பெட்டியில் போட்டு மேல் தட்டில் வையுங்கள். நாலைந்து நாளில் நிறம் திரும்பத் தொடங்கி, பத்துப் பன்னிரண்டு நாளில் பழமாகும். மற்றப் பாதியை வாழைப்பழம் இல்லாமல் வேறொரு பெட்டியில், வீட்டின் குளிர்ந்த உள்ளறையில் 14, 15 டிகிரி இருக்கும் இடத்தில் வையுங்கள். அது மெதுவாகத் திரும்பும். முதல் பெட்டி தீரும்போது அதை மேல் தட்டுக்கு மாற்றினால் மேலும் இரண்டு வாரத்துக்குப் பழம் ஓடும். ஆனால் அந்த அறை 12 டிகிரிக்குக் கீழே போகும் என்றால் இந்தத் தந்திரம் வேண்டாம், நான் மேலே சொன்ன குளிர்ச் சேதம்தான் மிஞ்சும்.

சந்தேகக் காய் 3 கிலோவைத் தனிப் பெட்டியில், வாழைப்பழத்தோடு, நல்ல கதகதப்பில் வையுங்கள். அதை விளைந்த காயோடு கலக்காதீர்கள். கலந்தால் எது தாமதம், எது பிஞ்சு என்று பிரித்தறிய முடியாது. மூன்று வாரம் வரை பொறுக்கலாம். அதற்குள் நிறம் திரும்பாமல் தோல் சுருங்கி, கையில் எடுத்தால் எடை குறைந்து தெரிந்தால் அது பழுக்கப் போவதில்லை. நீர் மட்டும் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. எத்திலீன் பட்டுச் சிலது நிறம் மாறலாம், ஆனால் உள்ளே கூழ் கட்டாமல் வெறுமையாக, சப்பென்று இருக்கும்.

பெட்டியைத் திறக்கும்போது மூக்கையும் பயன்படுத்துங்கள். புளிப்பு வாடை வந்தால் எங்கோ ஒரு காய் கசிகிறது, தேடி எடுத்துவிட்டு அதைத் தொட்டுக்கொண்டிருந்த காய்களைத் துடைத்து வையுங்கள். காம்பு வடுவில் கறுப்பு வெல்வெட் மாதிரிப் பூசணம் பல காய்களில் ஒரே சமயத்தில் வந்தால் அது பெட்டியின் குற்றமல்ல, வயலிலேயே அதிகக் குளிர் பட்டுவிட்டது. அடுத்த பறிப்பை முன்னதாகச் செய்ய வேண்டும். காய் சிவக்காமல் மஞ்சளும் ஆரஞ்சுமாக நின்றுவிட்டால் காரணம் நேர் எதிர், இடம் அதிகச் சூடு. 30 டிகிரிக்கு மேல் லைகோபீன் உண்டாவது தடைப்படும், மஞ்சள் நிறமி மட்டும் உண்டாகும். மார்கழியில் இது உங்களுக்கு வராது. பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் பங்குனியில் புழுவுக்குப் பயந்து பறிப்பவர்களுக்குத்தான் இது வரும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வைத்துவிட்டு ரகம் சரியில்லை என்பார்கள். அவர்கள் ஓட்டு வீட்டின் உள்ளறையில், தரையோரமாக வைத்தால் சரியாகிவிடும். உங்களுக்கு வேண்டாம் என்று சொன்ன அந்தக் குளிர்ந்த தரை அவர்களுக்கு வேண்டும்.

கார்பைடு கல் ஒரு பொட்டலம் போட்டால் இரண்டே நாளில் சிவந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். கால்சியம் கார்பைடு கொண்டு பழுக்க வைப்பதை 2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகள் தடை செய்திருக்கின்றன. அதில் ஆர்சனிக்கும் பாஸ்பரஸும் கலந்திருக்கும் என்பதே காரணம். எத்திலீன் வாயுவைப் பழுக்க வைக்கும் அறையில் 100 பி.பி.எம்., அதாவது பத்து லட்சம் பங்கு காற்றுக்கு நூறு பங்கு வரை விடுவதற்கு அனுமதி உண்டு. ஆனால் எத்திலீனை வெளிவிடும் எத்திபான் மருந்தைத் தண்ணீரில் கலந்து காயை முக்குவதற்கு அனுமதி இல்லை. பெட்டிக்கு ஒரு வாழைப்பழம் செய்கிற வேலைக்கு இதெல்லாம் எதற்கு?

ருசி பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பச்சையாகப் பறித்துப் பழுத்த தக்காளியில் சர்க்கரை குறைவாக இருக்கும். செடியிலிருந்து வர வேண்டியது பாதியில் நின்றுவிட்டதல்லவா? வெட்டி உப்புத் தூவிச் சாப்பிட்டால் தெரியும். ரசத்துக்கும் குழம்புக்கும் தொக்குக்கும் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. 3 கிலோ பிஞ்சு இருக்கிறதே, அதற்குப் பச்சை மிளகாய், பூண்டு, வேர்க்கடலை சேர்த்து வதக்கி அரைத்த தக்காளிக்காய்ச் சட்னிதான் சரி. கேழ்வரகுக் களிக்கு அதைவிடப் பொருத்தமாக ஒன்று எனக்குத் தெரியவில்லை. பச்சைத் தக்காளியில் டொமாட்டின் என்ற கசப்புச் சத்து இருக்கும், பழுக்கப் பழுக்கக் குறையும். எப்போதாவது அளவாகச் சட்னி செய்து சாப்பிடுவதால் தொல்லை இல்லை. சின்னப் பிள்ளைகளுக்குக் கொஞ்சமாகவே கொடுங்கள், கசந்தால் அந்தக் காயை விட்டுவிடுங்கள்.

ஒதுக்கிய அந்த 1 கிலோவை எருக்குழியில் கொட்டாதீர்கள். புழுக் காயைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி நல்ல வெயிலில் ஒரு வாரம் போட்டுவிட்டால் உள்ளே இருப்பது செத்துவிடும். கருகல் வந்த செடியையும் காயையும் ஒரு முழத்துக்குக் குறையாமல் குழி தோண்டிப் புதையுங்கள். அந்தப் பாத்தியில் அடுத்து உருளைக்கிழங்கோ கத்திரியோ மிளகாயோ வைக்காதீர்கள், அவையும் தக்காளி இனம்தான். அவரை அல்லது கீரை போடுங்கள். பிஞ்சு மட்டும் விட்டு வைத்த செடிகளுக்கு நடுவே டூட்டாவுக்கான இனக்கவர்ச்சிப் பொறி ஒன்று கட்டுங்கள். காலையில் அதில் அந்துப்பூச்சி விழத் தொடங்கினால், மீதியையும் பறிக்க வேண்டிய நாள் வந்துவிட்டது.